மேலாளரிடம் கேள்வியோடு ஒரு வரைவையும் கொண்டுபோனேன்

கடலூர் சிப்காட் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கிடங்குப் பிரிவில் நான் பணிபுரிந்தபோது, "ஸ்டாக் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தெளிவாக்கிக் கொடுங்கள்" என்று மேலாளர் கூறினார். விளக்கம் கேட்டால் வேலை தெரியாதவன் என்று எண்ணிவிடுவாரோ எனத் தயங்கி, இரண்டு நாள் செலவிட்டு வரைபடங்கள் சேர்த்தேன். அவருக்கு வேண்டியிருந்ததோ நெடுநாளாக நகராத சரக்கின் பட்டியல் மட்டுமே.

அடுத்த மாதமும் அதே சொற்கள் வந்தன. இம்முறை கால் மணி நேரத்தில் பத்து வரிகளுக்கு மட்டும் ஒரு மாதிரியைத் தயாரித்து அவரிடம் கொண்டுபோய், "சார், 90 நாளாக வெளியே போகாத சரக்கைத் தனியாகப் பிரித்திருக்கிறேன். வாங்கும் பிரிவுக்கு என்றால் அளவு போதும். கணக்குப் பிரிவுக்கு என்றால் மதிப்பையும் சேர்க்க வேண்டும், அதற்கு ஒரு நாள் கூடுதலாகும். இதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன். கணக்குப் பிரிவுக்குத்தான் என்றவர், 90 நாளை 180 ஆக்கச் சொன்னார். மாதிரியைக் கண்ணால் பார்த்திராவிட்டால் அந்த எண் அவருக்கே தோன்றியிருக்காது என்பது என் கணிப்பு.

இருக்கைக்குத் திரும்பியதும், "180 நாள், மதிப்புடன், வியாழன் மாலை" என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். மாதிரிகூடத் தயாரிக்க முடியாத அளவுக்குப் புதிய வேலையென்றால் இந்த வழி உதவாது. அப்போது முன்பு செய்த பழைய கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.