அடுக்கு இறங்கித் தெரிந்தால் இயல்புப் பிளவுதானா?

மலையை வெட்டிச் சாலை போட்ட இடத்தில், ஒரே மணற்பாறை அடுக்கு நடுவில் அறுந்து ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக நிற்கிறது. பார்த்தவுடன் "வலப்பக்கம் இறங்கியிருக்கிறது, அதனால் இயல்புப் பிளவு" என்று குறித்துக்கொள்வதுதான் முதல் தவறு. வலமா இடமா என்பது கணக்கே இல்லை. பாறை அறுந்து நகர்ந்த பிளவுத் தளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, அதன் மேல் சாய்ந்து கிடக்கும் பாறையைத் தொங்குசுவர் என்றும், கீழே தாங்கி நிற்பதை அடிச்சுவர் என்றும் பிரிக்க வேண்டும். தொங்குசுவர் இறங்கியிருந்தால் இயல்புப் பிளவு, ஏறியிருந்தால் எதிர்ப் பிளவு.

இதைச் சரியாகச் செய்தவர்களும் அடுத்த தவறில் விழுகிறார்கள். வெட்டில் தெரிவது அடுக்கு விலகி நிற்கும் தூரம் மட்டுமே. பாறை எந்தத் திசையில் நகர்ந்தது என்பது அதில் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சாலை கிழக்கு மேற்காகப் போகிறது. பிளவு வடக்கு தெற்காக ஓடி, கிழக்கே 70 பாகை சாய்கிறது. அடுக்குகள் வடக்கே 30 பாகை சாய்ந்தவை. ஆனால் சாலை வெட்டு அந்தச் சாய்வுக்குக் குறுக்காக இருப்பதால், வெட்டின் முகத்தில் அவை மட்டமாகவே தெரியும். சந்தேகமே வராது. இப்போது கிழக்குப் பக்கப் பாறை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வடக்கே 10 மீட்டர் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு தெற்கே உயரத்தில் இருந்த பகுதி வெட்டுக்கு நேராக வந்துவிடும். அடுக்கு 10 × tan 30°, அதாவது ஏறத்தாழ 5.8 மீட்டர் உயர்ந்து நிற்கும். கிழக்குப் பக்கம்தான் தொங்குசுவர் என்பதால் அச்சு அசலாக எதிர்ப் பிளவு போலவே இருக்கும். நகர்வு தெற்கு நோக்கி இருந்திருந்தால் அதே இடம் இயல்புப் பிளவாகக் காட்சி தந்திருக்கும்!

இதில் ஏமாறாமல் இருக்க, பிளவுத் தளத்தைத் தொட்டுப் பார்க்க முடிகிற இடம் தேடுங்கள். உராய்ந்து பளபளக்கும் பரப்பில் கீறல் வரிகள் இருக்கும். அவை தளத்தின் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடினால் இயல்பு அல்லது எதிர்ப் பிளவு. மட்டமாக ஓடினால் பக்கவாட்டுப் பிளவு. சாய்வாக ஓடினால் இரண்டும் கலந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கீறல்கள் பெரும்பாலும் கடைசி நகர்வைத்தான் காட்டும், பழையவை அழிந்திருக்கலாம். வரிகளே இல்லையென்றால், பிளவின் இருபுறமும் அதே அடுக்கின் தடிமனை ஒப்பிடுங்கள். திடீரென்று மாறியிருந்தால் பக்கவாட்டு நகர்வைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய முடியாது.

கலிஃபோர்னியாவின் பாம்டேல் அருகே 14ஆம் எண் நெடுஞ்சாலை வெட்டில் ஏரிப் படிவுகள் சுருண்டு மடிந்து நிற்கின்றன. பலரும் அந்த மடிப்புகளையே சான் ஆண்ட்ரியாஸ் பிளவு என்று நினைத்துப் படமெடுக்கிறார்கள். அவை பிளவை ஒட்டிப் பாறைகளை நெருக்கிய அழுத்தத்தில் உண்டானவை. பக்கவாட்டில் நகரும் அந்தப் பெரும்பிளவின் முதன்மைத் தடம் வெட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது.