எஸ்.ஆர். புத்தகத்தில் கோட்டை விடும் இடங்கள்

அரசு ஊழியரைப் பற்றி அலுவலகம் வைத்திருக்கும் ஆவணங்களில் முதன்மையானது பணிப்பதிவேடு. எஸ்.ஆர். என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். பிறந்த தேதி, அங்க அடையாளம், கல்வித் தகுதி, நியமனம், தகுதிகாண் பருவம், ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, தண்டனை எல்லாம் அதில் ஏறும். மெமோ, விளக்கக் கடிதம் போன்றவை தனிக்கோப்பில் இருக்கும். மேலதிகாரி எழுதும் மந்தண அறிக்கை வேறு. இவற்றை வைத்திருக்க அலுவலகத்துக்கு உரிமை உண்டு. பார்க்கும் உரிமை நமக்கும் உண்டு. ஆனால் பலர் ஓய்வூதியக் கருத்துரு தயாராகும்போதுதான் எஸ்.ஆரைத் திறந்தே பார்க்கிறார்கள்.

அந்தத் தாமதம் மிக மோசமாக அடிப்பது பிறந்த தேதியில். தமிழ்நாட்டில் பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால்தான் பிறந்த தேதித் திருத்தம் பரிசீலிக்கப்படும். ஓய்வு நெருங்கும்போது பிறப்புச் சான்றைத் தூக்கிக்கொண்டு வந்தால் நீதிமன்றமும் கைகொடுக்காது. தமிழ்நாடு அரசு எதிர் வேணுகோபாலன் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. எனவே வேலைக்குச் சேர்ந்த புதிதில், தகுதிகாண் பருவம் முடியும்போதாவது, முதல் பக்கத்தைப் பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி எண்ணில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள்.

அடுத்த தவறு, படிக்காமல் கையெழுத்துப் போடுவது. மத்திய அரசு விதிகளின்படி, அலுவலகத் தலைவர் ஆண்டுதோறும் பணிப்பதிவேட்டை ஊழியரிடம் காட்டி, பார்த்ததற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். நடைமுறையில் பிரிவு உதவியாளர் பக்கத்தைத் திருப்பி, “சார், இங்க ஒரு சைன்” என்பார். நாமும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். பின்னாளில் தகராறு வந்தால் அந்தக் கையெழுத்தே நமக்கு எதிராக நிற்கும். பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் பெரும்பகுதியை விடுப்புக் கணக்குக்குக் கொடுங்கள், ஏனென்றால் சத்தமில்லாமல் பணம் கரைகிற இடம் அதுதான்.

ஓர் உதாரணம். ஒருவர் 30 நாள் ஈட்டிய விடுப்புக்கு ஆணை பெற்றார். 12 நாளிலேயே அலுவலகம் கூப்பிட, திரும்பிச் சேர்ந்துவிட்டார். மீதி 18 நாளை ரத்து செய்து ஆணையும் வந்தது. ஆனால் பதிவேட்டில் முதல் ஆணைதான் ஏறியது. 30 நாளும் கழிக்கப்பட்டுவிட்டது. ஓய்வின்போது கையிருப்பு விடுப்பை, 240 நாள் உச்சவரம்புக்குள், காசாக்கிக் கொடுப்பார்கள். அவருடைய மாத ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 ரூபாய், கையிருப்பும் வரம்புக்குள்தான் என்று வையுங்கள். நாளுக்கு 2,000, ஆக 36,000 ரூபாய் போனது. ரத்து ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அன்றே சரியாகியிருக்கும். இடமாறுதலில் போகிறவர்கள் விடுவிப்புக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். புது அலுவலகத்தில் பழைய ஆணையைத் தேடி எடுத்துத் தர ஆள் கிடைக்காது.

இப்போது களஞ்சியம் செயலியிலேயே விவரம் தெரிகிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அந்தத் தகவல் காகிதப் பதிவேட்டிலிருந்து யாரோ தட்டச்சு செய்தது. காகிதத்தில் இருந்த பிழையோடு தட்டச்சுப் பிழையும் சேர்ந்திருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டே ஆக வேண்டும்.

மந்தண அறிக்கையைக் கேட்கவே கூடாது என்ற எண்ணமும் தவறு. தேவ் தத் என்ற பொறியாளருக்குப் பதவி உயர்வு வேண்டுமானால் ஐந்தாண்டும் ‘மிக நன்று’ இருக்க வேண்டும். ஓர் ஆண்டு மட்டும் ‘நன்று’ என்று எழுதிவிட்டார்கள், அவருக்குத் தெரிவிக்கவில்லை. பதவி உயர்வு போயிற்று. 2008-இல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எல்லாப் பதிவையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். இங்கும் ஒரு சறுக்கல்: “எனக்கு ஏன் ஊதிய உயர்வு தரவில்லை?” என்று கேட்பார்கள். அது காரணம் கேட்பது. தகவல் அலுவலர் எளிதாகத் தட்டிவிடுவார். “எனது பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல் தேவை, மூலத்தை நேரில் பார்வையிடவும் அனுமதி தேவை” என்று ஆவணத்தைக் கேளுங்கள். பக்கத்து மேசைக்காரரின் மெமோவையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அது அவருடைய தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் காட்டி உங்கள் மனுவையே இழுத்தடிப்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதன்பின் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போக வேண்டும்.

நகலில் பிழை கண்டால் உதவியாளரிடம் சொல்லிச் சுரண்டித் திருத்தவோ, வெள்ளை மை பூசவோ விடாதீர்கள். அடித்தல் திருத்தல் கண்டால் தணிக்கை கேள்வி எழுப்பும். ஆதார நகலோடு மனுக் கொடுத்து, ந.க. எண் போட்ட ஆணை வாங்குங்கள். பழைய பதிவு வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோட்டில் அடிக்கப்பட்டு, புதிய பதிவின் அருகே அந்த ஆணை எண்ணும் அலுவலகத் தலைவரின் தேதியிட்ட கையொப்பமும் இருக்க வேண்டும்.