டெனோசுமாப் ஊசியை நிறுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் 60 மில்லிகிராம் டெனோசுமாப் நல்ல மருந்து. போட்டுக்கொண்டிருக்கும்வரை எலும்பு முறிவு நன்றாகவே குறையும். சிக்கல், அதை நிறுத்தும் விதத்தில்தான்.

68 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் பத்து ஊசி போட்டிருக்கிறார். முதுகுத்தண்டின் எலும்பு அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 3.1-இலிருந்து மைனஸ் 2.2-க்கு வந்துவிட்டது. ‘எலும்பு தேறிவிட்டது, போதும்’ என்று பதினோராவது ஊசியை விட்டுவிடுகிறார். கடைசி ஊசி போட்டுப் பத்தாவது மாதம், படுக்கை விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தபோது முதுகில் சுரீரென்று ஒரு வலி. தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார். இரண்டு வாரத்தில் சற்றுக் கீழே இன்னொரு வலி. எக்ஸ்ரே எடுத்தால் மூன்று முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. அவர் எங்கும் விழவே இல்லை.

எலும்பை அரிக்கும் செல்கள் உருவாக ஒரு புரதத்தின் தூண்டுதல் வேண்டும். டெனோசுமாப் அதைத்தான் தடுக்கிறது. ஆனால் அந்தச் செல்களின் முன்னோடிகள் அழிவதில்லை, தூண்டுதலுக்காகக் காத்திருக்கின்றன. மருந்தும் எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதம் தாண்டி அதன் பிடி விட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்குகின்றன. எலும்பு அரிப்பைக் காட்டும் சி.டி.எக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை, சிகிச்சைக்கு முன்பிருந்த அளவையும் தாண்டி ஏறும். சேர்த்த அடர்த்தியில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும். உள்ளே பஞ்சுபோல் இருக்கும் முள்ளெலும்புதான் முதலில் அடிவாங்குகிறது. மருந்தை நிறுத்தியபின் முள்ளெலும்பு முறிந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் இருந்ததை டெனோசுமாபின் பெரிய ஆய்வு காட்டியது.

முதல் தவறு, பிஸ்பாஸ்போனேட் மருந்துகளின் கணக்கை இதற்கும் போடுவது. அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்றவை எலும்பிலேயே படிந்து, நிறுத்திய பிறகும் வேலை செய்யும். அதனால்தான் அவற்றுக்குச் சில வருடம் இடைவெளி விட முடிகிறது. டெனோசுமாபுக்கு அப்படி விடுமுறையே கிடையாது. நிறுத்துவதென்றால் வேறொரு மருந்துக்கு மாறியாக வேண்டும்.

தேதியைத் தள்ளிப்போடுவதும் பெரும்பாலும் தெரியாமலேயே நடக்கிறது. ஓரிரு வாரம் தாமதமானால் பயப்பட வேண்டாம். ஆனால் உரிய தேதியிலிருந்து நான்கு மாதம் தள்ளிப்போனால் முள்ளெலும்பு முறிவு அபாயம் கூடுகிறது. பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக ஊசியை நிறுத்திவைப்பவர்கள் பலர். தாடை எலும்புப் பாதிப்பு இந்த அளவில் அரிது. பல் வேலையை இரண்டு ஊசிகளுக்கு இடையே, பிந்தைய மாதங்களில் முடித்து, காயம் ஆறியதும் அடுத்த ஊசியைப் போட்டுவிடலாம்.

சரி, மாறுவது எப்படி? அந்தப் பெண்ணுக்குச் செய்திருக்க வேண்டியது இது: கடைசி ஊசி போட்டு ஆறாவது மாதம், அதாவது அடுத்த ஊசி விழவேண்டிய நேரத்தில், சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் நரம்பு வழியே. அதற்கு முன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். ஒரு டோஸ் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் என் கண்ணில் மிக மோசமான தவறு. ஐந்து வருடம் போட்டவருக்கு, நிறுத்தியபின் திரும்பிவரும் எலும்பு அரிப்பு வலுவாக இருக்கும். ஒரு டோஸ் பல நேரம் போதாது. மூன்றாவது, ஆறாவது மாதங்களில் சி.டி.எக்ஸ் பார்த்து, ஏறினால் மறுபடி கொடுக்க வேண்டும். பரிசோதனை வசதி இல்லாத இடத்தில், ஆறு மாதத்தில் இரண்டாவது டோஸை மருத்துவர்கள் யோசிப்பார்கள். ஓரிரு வருடம் மட்டும் டெனோசுமாப் போட்டு, முறிவு அபாயமும் குறைவாக உள்ளவருக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை போதுமானதாக இருக்கலாம்.

‘எலும்பை வளர்க்கும் மருந்துக்கு மாறலாமே’ என்று டெரிபாராடைடைத் தொடங்குவது நியாயமாகத் தோன்றும். ஆனால் டெனோசுமாபை விட்டு இதற்கு மட்டும் மாறியவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்தது. இடுப்பில் அந்த இழப்பு நீடித்தது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முறிவு அபாயம் மிக அதிகமானவருக்கு முதலில் டெரிபாராடைடோ ரோமோசோசுமாபோ, அப்புறம் டெனோசுமாப், கடைசியில் பிஸ்பாஸ்போனேட்.

ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, ‘இதை எப்போது, எதைக் கொண்டு முடிப்போம்’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவருக்கு முடிவில் சோலெட்ரோனிக் அமிலம் கொடுக்க முடியாமல் போகலாம். அவர் டெனோசுமாபை நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கும். ஐம்பதுகளில் இருப்பவருக்கு அபாயம் மிதமானதென்றால் பிஸ்பாஸ்போனேட்டிலேயே தொடங்குவது பெரும்பாலும் நல்லது.

ஏற்கெனவே ஊசியைத் தவறவிட்டு ஏழெட்டு மாதம் ஆகிவிட்டதா? அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். புதிதாக முதுகுவலி வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, கடைசி ஊசியின் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். தைலத்தில் நாள் கடத்த வேண்டாம். முறிந்த முள்ளெலும்பில் சிமென்ட் செலுத்தும் சிகிச்சைக்கும் அவசரப்படக் கூடாது. இந்த நிலையில் அதற்குப் பின் மேலும் முறிவுகள் வந்திருக்கின்றன. முதலில் எலும்பு அரிப்பை நிறுத்தும் மருந்தைத் தொடங்க வேண்டும்.