கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை அழிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

போர்ட்ரெய்ட்டில் மூக்குக்கண்ணாடி மேல் வெள்ளையாக வெளிச்சம் அடித்திருந்தால், பலரும் போட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷை எடுத்து நேராக அதன் மேல் தேய்க்கிறார்கள். கன்னத்துப் பருவுக்கு அது போதும். கண்ணாடிக்கு ஒத்துவராது. ஹீலிங் பிரஷ் நாம் காட்டிய இடத்திலிருந்து தோலின் நுணுக்கத்தை மட்டுமே எடுக்கும்; நிறத்தையும் வெளிச்ச அளவையும் தேய்க்கும் இடத்தைச் சுற்றி இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் வெள்ளைத் திட்டின் நடுவில் மட்டும் தேய்த்தால் வெள்ளை போகாது, அதன் மேல் தோல் துளைகள்தான் முளைக்கும். ஃபிரேமைத் தொட்டுத் தேய்த்தாலோ கருப்பு கசிந்து, கண்ணுக்குக் கீழே சாம்பல் கறை படியும். குளோன் ஸ்டாம்ப் அப்படிக் கலப்பதில்லை, எடுத்ததை அப்படியே வைக்கும். ஆகவே ஃபிரேம், இமை ஓரம், புருவம் பக்கம் எல்லாம் குளோன்; நடுவில் திறந்து கிடக்கும் தோலுக்கு மட்டும் ஹீலிங்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கருப்பு ஃபிரேம் போட்ட ஒரு பெரியவர். சாஃப்ட்பாக்ஸின் வெளிச்சம் ஒரு கண்ணாடியில் விழுந்து, மேல் இமையின் வெளி மூலையையும் ஃபிரேமின் ஒரு துண்டையும் மறைத்திருக்கிறது. பார்த்ததும் மொத்தத் திட்டையும் குளோன் செய்யத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இன்ஃபோ பேனலைத் திறந்து கர்சரை மேலே ஓட்டிப் பாருங்கள். நடுவில் மூன்று எண்களும் 255 என்று காட்டினால் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஓரங்களில் 220, 200, 190 என்பது போல வந்தால் இமையும் தோலும் அடியில் இருக்கின்றன, மேலே வெளிச்சம் திரையாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கர்வ்ஸில் இடது கீழ்ப் புள்ளியை வலப்பக்கம் நகர்த்தினால் திரை விலகும். கோட்டிங் உள்ள கண்ணாடியாக இருந்து பச்சையோ ஊதாவோ தங்கினால், புது லேயரை Color மோடில் வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தை மெதுவாகப் பூசுங்கள். இதற்குப் பிறகு குளோன் செய்ய மிஞ்சுவது நடுவிலுள்ள சின்ன இடம்தான். அவருடைய சொந்தக் கண் முடிந்தவரை படத்தில் அப்படியே இருக்கும் என்பதால்தான் இந்த வரிசையை நான் விடாமல் சொல்கிறேன்.

இப்போது இவற்றுக்கு மேலே காலி லேயர் ஒன்று; Sample என்ற இடத்தில் Current & Below. முதலில் ஃபிரேம். அதே ஃபிரேமின் பக்கத்துத் துண்டில் ஆல்ட் அழுத்தி எடுத்து, ஓரத்தோடு ஓரம் பொருந்த வையுங்கள். மிருதுவான பிரஷ் இங்கே ஆகாது. ஃபிரேமின் விளிம்பு புகைபோல மங்கிவிடும். படத்தில் விளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு Hardness வேண்டும், பெரும்பாலும் 70, 80 சதவீதம் சரியாக வரும்.

அடுத்து இமையும் தோலும், இன்னொரு புது லேயரில். இங்கே அதிகம் நடக்கும் தவறு, கண்ணாடிக்கு வெளியே உள்ள தோலை உள்ளே கொண்டுவருவது. மைனஸ் பவர் கண்ணாடி உள்ளே தெரிவதைச் சிறிதாக்கும், கன்னத்தின் ஓரக்கோட்டையும் உள்பக்கம் தள்ளிக் காட்டும். வெளித்தோலை வைத்து அந்தக் கோட்டை நேராக்கிவிட்டால், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவருக்கும் முகம் இடறும். எடுப்பதெல்லாம் கண்ணாடிக்குள்ளிருந்தே எடுங்கள். அங்கே போதவில்லையென்றால் மறு கண்: குளோன் சோர்ஸ் பேனலில் இடவலமாகத் திருப்பும் பொத்தான் இருக்கிறது. தலை லேசாகத் திரும்பியிருந்தால் W அளவைக் கொஞ்சம் மாற்றி, இமைக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

திருப்பி எடுக்கும்போது கருவிழியைத் தொடாதீர்கள். கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளியும் சேர்ந்து திரும்பிவிடும். ஒரு கண்ணில் இடப்பக்கமும் மறு கண்ணில் வலப்பக்கமும் புள்ளி இருந்தால் பார்வை போலியாகத் தெரியும். ஓரப்பார்வை பார்ப்பவரென்றால் மாறுகண்ணே வந்துவிடும். இமையும் தோலும் மட்டும் வரட்டும். நிழல் பக்கத்துக் கண்ணிலிருந்து வருவதால் அது கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும், வெளிச்சத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒட்டு தெரியும் இடத்தில் மட்டும், ஃபிரேமைத் தொடாமல், ஹீலிங் பிரஷால் இரண்டு தடவு.

கடைசியாக, வெளிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுவதும் தவறுதான். ஃபிரேமுக்குள் கண்ணாடியே இல்லாதது போல ஆகிவிடும். தோல் லேயரின் ஒபாசிட்டியை 85 சதவீதம் வாக்கில் இறக்கினால் லேசான பளபளப்பு மிஞ்சும். ஃபிரேமைத் தனி லேயரில் வைத்தது இதற்குத்தான். அது 100 சதவீதத்திலேயே இருக்கட்டும்.

இரண்டு கண்களும் 255 ஆகிவிட்ட படம் என்றால் இந்த வழி எதுவும் உதவாது. அன்றைக்கே எடுத்த வேறு படத்தில், தலை அதே கோணத்தில் இருக்கிறதா என்று தேடி, கண்களை அங்கிருந்து எடுப்பதுதான் வழி.