எட்டு சிம் போடலாம், இரண்டுதான் பேசும்: இ-சிம்மில் செய்யக்கூடாதவை

போன மாதம் கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான், கல்லடியில் வந்து இறங்கி மூன்றாம் நாள் என்னிடம் போனை நீட்டினார். "மச்சான், என்ட இலங்கைச் சிம்மைக் காணல்ல. பேங்க்கில இருந்து ஓ.டி.பி. வருதில்ல."

அவருடையது ஐபோன் 12. தட்டில் கட்டார் சிம். இலங்கை இலக்கம், அட்டை இல்லாமல் போனிலுள்ள சிப்பிலேயே இறக்கி வைக்கும் இ-சிம்மாக உள்ளே. இந்த இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் ஒழுங்காகவே வேலை செய்தன. வரும் வழியில் நெட்டுக்கென்று ஒரு டிராவல் இ-சிம் வாங்கிப் போட்டிருக்கிறார். போனிலே எட்டு இ-சிம் வரை போடலாம் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் வாங்கினாராம். சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

ஐபோனில் எட்டு, அதற்கு மேலும் இ-சிம்களைச் சேமித்து வைக்கலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பவை, தட்டில் இருக்கும் சிம்மையும் சேர்த்து, இரண்டுதான். ஐபோன் எக்ஸ்.எஸ். தொடங்கி 12 வரையான மாடல்களில் கணக்கு இன்னும் இறுக்கம். அந்த இரண்டில் ஒன்று தட்டுச் சிம்மாகவும் மற்றது இ-சிம்மாகவும் இருக்க வேண்டும். இரண்டு இ-சிம்கள் ஒன்றாக ஓடுவது 2021இல் வந்த ஐபோன் 13இலிருந்துதான். ஆகவே மச்சானின் போனில் டிராவல் சிம் எழும்பியபோது இலங்கைச் சிம் படுத்துவிட்டது. அழியவில்லை, அணைந்தது அவ்வளவுதான்.

அவருக்கு இது மூன்று நாள் தெரியாமல் போனதற்கு வாட்ஸ்அப்தான் காரணம். ஒருமுறை இலக்கத்தைப் பதிந்துவிட்டால் அது எந்த நெட் கிடைத்தாலும் ஓடும், சிம் அணைந்திருப்பதைக் கண்டுகொள்ளாது. வாட்ஸ்அப்பில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபடியால் இலக்கம் வேலை செய்கிறது என்றே நினைத்திருக்கிறார். சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும்தான் நின்றிருந்தன. உங்கள் சிம்மில் சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப்பை வைத்துச் சோதிக்காதீர்கள். பக்கத்திலிருப்பவரின் போனிலிருந்து சாதாரண அழைப்பு ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

அணைந்தது வரை சிக்கல் இல்லை. Settings-இல் Mobile Service என்றோ Cellular என்றோ இருக்கும் இடத்துக்குப் போய், அந்த இலக்கத்தைத் தொட்டு, Turn On This Line என்பதைப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் திரும்பி வந்திருக்கும். அவர் போனது அதே பக்கத்துக்குத்தான், ஆனால் தொட்டது கீழே சிவப்பில் இருந்த Delete eSIM. கொம்பியூட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது போல, அழித்துவிட்டுப் பழைய கியூஆர் படத்தைத் திரும்ப ஸ்கேன் பண்ணினால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு, எல்லாவற்றிலும் விலை கூடியதும் இதுவே. அந்தக் கியூஆருக்குள் சிம் இல்லை. சிம் இருக்கும் சேர்வரின் முகவரியும் அதைக் கேட்டு வாங்குவதற்கான ஒரு குறியீடும்தான் இருக்கின்றன. ஒரு போன் ஒருமுறை இறக்கிக்கொண்டதும், பெரும்பாலான நிறுவனங்களின் சேர்வரில் அந்தக் குறியீடு முடிந்துபோன டிக்கெட் மாதிரி. திரும்பக் காட்டினால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று போன் சொல்லும். மச்சானுக்கும் அதுதான் வந்தது. அடையாள அட்டையோடு சேவை நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, புதிய கியூஆர் எடுத்து வந்தோம். அவர் கட்டாரில் இருக்கும்போது இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: அழித்தால் போனிலிருந்து மட்டும்தான் போகும். மாதக் கட்டணம் கட்டும் இலக்கமென்றால் பில் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

அப்போ எப்போதுதான் அழிப்பது? நாள் முடிந்துபோன டிராவல் இ-சிம்களை அழிக்கலாம். இ-சிம் சிப்பின் நினைவகம் சிறியது, ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மும் அதில் பிடிக்கும் இடமும் ஒரே அளவில்லை. எட்டுக்கு மேலும் போகலாம் என்று ஆப்பிள் முடிவான எண்ணைச் சொல்லாமல் விட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். முடிந்துபோனவையும் அந்த இடத்தைப் பிடித்தபடிதான் கிடக்கும். ஆனால் அழிக்கும் முன் பெயரைப் பாருங்கள். போன் தானாக வைக்கும் Secondary, Travel போன்ற பெயர்களை நம்பி அழித்து அழுதவர்கள் உண்டு. சிம் போட்ட அன்றே அந்தப் பக்கத்தில் 'இலங்கை', 'கட்டார்' என்று பெயர் மாற்றி வைப்பது நல்லது.

ஆண்ட்ராய்டிலும் கதை இதுதான், மாடலுக்கு மாடல் மாறும். பிக்சல் 7, ஆண்ட்ராய்டு 13 தொடக்கம் இரண்டு இ-சிம்கள் ஒன்றாக ஓடுகின்றன. அதற்கு முந்திய பிக்சல்களில் இரண்டாவது இ-சிம்மை எழுப்பினால் முதலாவதை அணைக்கவா என்று கேட்கும். தட்டில் இரண்டு சிம் இடமும் கூடவே இ-சிம்மும் உள்ள சாம்சங் போன்களை வைத்திருப்பவர்கள் மூன்றும் ஓடும் என்று நினைக்கிறார்கள். ஓடாது. அங்கே இரண்டாம் தட்டும் இ-சிம்மும் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் போல, ஒருவர் இருந்தால் மற்றவர் நிற்க வேண்டும்.

உங்கள் போனைச் சோதிக்க *#06# அழுத்துங்கள். EID என்று 32 இலக்க எண் வந்தால் இ-சிம் சிப் இருக்கிறது. போனின் அடையாள எண்ணான IMEI இரண்டு காட்டினால் இரண்டு இலக்கங்கள் ஒன்றாக ஓடும். ஆனால் அந்த இரண்டும் இ-சிம்மாக இருக்கலாமா என்பதை இந்தத் திரை சொல்லாது. ஐபோன் 12கூட இரண்டு IMEI காட்டும். அதற்கு மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஓடுகிறது என்றால் இரண்டிலும் நெட் ஓடும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நெட் ஒன்றில்தான். ஊரில் நிற்கும்போது அது கட்டார் சிம்மில் இருந்தால் ரோமிங் கணக்கு அங்கே ஏறும்.

கடைசியில் மச்சானுக்கு இப்படி வைத்துக் கொடுத்தேன். தட்டில் கட்டார் சிம், ஓன், அழைப்புக்கும் அந்த நாட்டு பேங்க் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும், ரோமிங் டேட்டா ஓஃப். இலங்கை இ-சிம் ஓன், நெட்டும் அதில். டிராவல் சிம்மில் இன்னும் நாள் இருந்தபடியால் அழிக்காமல் அணைத்து வைத்தேன். திரும்பிப் போகும் வழியில் அதை எழுப்பும்போது இலங்கைச் சிம் தூங்கும், அந்த நேரம் இலங்கை ஓ.டி.பி. எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த தடவை ஐபோன் 17 கொண்டுவரப் போகிறாராம். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வளைகுடாவிலிருந்து போன் வரும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டார், சவூதி, அமீரகம், குவைத், ஓமான், பஹ்ரைனில் விற்கும் ஐபோன் 17இல் சிம் தட்டே கிடையாது. ஊரில் இருக்கும் உம்மாவுக்கோ தம்பிக்கோ அதைக் கொடுப்பதென்றால், அவர்களின் பழைய சிம்மைக் கழற்றி இதில் போட இடமில்லை. முதலில் அந்த இலக்கத்தை இ-சிம்மாக மாற்ற வேண்டும், மாற்றும்போது பக்கத்தில் வைஃபை இருக்க வேண்டும். கியூஆரை ஸ்கேன் பண்ணிய பிறகு சிம் இறங்குவது நெட்டில்தான், அந்தப் போனிலோ இன்னும் சிம் இல்லை.