பந்துக்கு வால் முளைக்கக் கூடாது

போன வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். டோர்னமென்ட் ஃபிளெக்ஸில் போட, அவர் பந்து வீசும் படம் வேண்டும். பக்கவாட்டில் எடுத்த நல்ல படம்தான், ஆனால் பந்து இல்லை. வினாடிக்கு 10 படம் எடுத்தாலும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பந்து 3 மீட்டர் ஓடிவிடும். "அண்ணா, பந்து ஒண்ணு வச்சு, பின்னாடி நீளமா கோடு போட்டுடுங்க" என்றார்.

அந்த நீளக் கோடுதான் எல்லாரும் செய்யும் தவறு. கோட்டின் நீளத்தை முடிவு செய்வது நம் ஆசை இல்லை, ஷட்டர் வேகம். அவர் படம் 1/500 வினாடியில் எடுத்தது. பந்து மணிக்கு 108 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 30 மீட்டரில் போனதாக வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அது நகர்வது வெறும் 6 செ.மீ. பந்தின் அகலமே சுமார் 7.2 செ.மீ.

இதைப் பிக்சலாக்க, பந்து வீசுபவர் பக்கத்து ஸ்டம்ப் போதும். அதன் உயரம் 71 செ.மீ.; படத்தில் 640 பிக்சல் இருந்தது. ஆக, ஒரு செ.மீ.க்கு 9 பிக்சல். பந்து 65 பிக்சல், இழுவை 54. கண்ணளவில் வைத்தால் பந்து தேங்காய் அளவுக்குப் போய்விடும், நானே வைத்திருக்கிறேன்!

கணக்கு சரியா என்று விரல் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பந்தை விடும் நொடியில் விரலும் ஏறக்குறைய பந்தின் வேகத்தில்தான் போகிறது. விரல் கூர்மையாக இருந்து பந்து மட்டும் இழுபட்டால், அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது வால். முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் கரைந்தும் போகிற வால்நட்சத்திரம் வெயிலில் எடுத்த படத்தில் வராது. இரு முனையும் ஒரே மாதிரி மங்கும். ஃபோட்டோஷாப்பில் பந்தைத் தனி லேயரில் வைத்து Motion Blur போட்டால் அப்படித்தான் கிடைக்கும். Distance 54, Angle-ஐப் பந்து போகும் திசைக்கு, சற்றே கீழ்நோக்கி வையுங்கள். Lock transparent pixels அழுந்தியிருந்தால் இழுவை பந்தின் விளிம்பைத் தாண்டாது, அதை எடுத்துவிடுங்கள். இப்போது நடுவில் கொஞ்சம்தான் கெட்டியாக இருக்கும். இதே படம் 1/250-இல் எடுத்திருந்தால் அந்தக் கெட்டியும் இருக்காது, பந்துக்குள்ளேயே மைதானம் தெரியும். அது சரிதான், பயந்து இன்னொரு பந்தை மேலே ஒட்டாதீர்கள்.

வெயில் விழும் பக்கத்தை ப்ளர் போடுவதற்கு முன்பே சரிசெய்துவிட்டு, படத்தில் மணல்போல் தெரியும் நாய்ஸ் புள்ளிகளைப் பந்தின் மேலும் கடைசியில் சேர்க்க வேண்டும். அப்புறம், பத்திரிகைக்குப் போகும் படத்தில் இந்த வேலையே கூடாது.

தம்பி பார்த்துவிட்டு, "கோடே காணோமேண்ணா" என்றார். விரலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், ஃபிளெக்ஸ் சைஸைச் சொன்னார்.