பி.எஃப். பணத்தை எடுக்கும் முன் பழைய கணக்கைப் பாருங்கள்

என் சித்தி மகள் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் மூன்று வருடம் கணக்கெழுதினாள். அப்புறம் இடைவெளி இல்லாமல் நாகர்கோவிலில் இன்னொரு வேலைக்குப் போய் இரண்டரை வருடம் இருந்தாள். அதையும் விட்டபோது புதுக் கணக்கில் இருந்த பி.எஃப். பணத்துக்கு மட்டும் விண்ணப்பித்தாள். கைக்கு வந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

பாஸ்புக்கைத் திறந்து பார்த்தோம். அவளுடைய அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய். அதில் 12 சதவீதமான 1,800 ரூபாய் மாதாமாதம் Employee Share பகுதியில் ஏறியிருந்தது. முதலாளியும் அதே 1,800-ஐக் கட்டுகிறார். ஆனால் Employer Share பகுதியில் 550 தான் இருக்கும். மீதி 1,250 ஓய்வூதியத்துக்கு, Pension Contribution பகுதிக்குப் போகிறது. அந்தப் பகுதிக்கு வட்டி கிடையாது. முதலாளி ஏமாற்றிவிட்டார் என்று பலர் சண்டைக்குப் போவது இந்த 550-ஐப் பார்த்துத்தான்.

மற்ற இரண்டு பகுதிகளுக்கும் மாத இருப்பை வைத்து வட்டி கணக்கிட்டு, ஆண்டு முடிந்த பிறகு மொத்தமாக வரவு வைப்பார்கள். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். வரவு தாமதமானாலும் வட்டி குறையாது.

சரி, பிடித்தம் ஏன்? ஐந்து வருடத் தொடர் சேவை முடியும் முன் பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால், பான் இணைத்திருந்தாலும் 10 சதவீதம் பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். அவளுக்கு வர வேண்டியது சுமார் 78,000. அதில் ஏறக்குறைய 7,800 போயிற்று. 50,000-க்குக் குறைவு என்றால் பிடித்தம்தான் இல்லை, வரிப் பொறுப்பு அப்படியே இருக்கும். உடல்நலக் குறைவால் வேலையை இழந்தாலோ நிறுவனமே மூடப்பட்டாலோ இந்த விதி பொருந்தாது.

அவள் உழைத்தது மொத்தம் ஐந்தரை வருடம். எந்த வேலைக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்ணான UAN ஒன்றுதான் என்பதால் இரண்டு கணக்கும் தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பினாள். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் Member ID வேறு, பாஸ்புக்கும் வேறு. பழைய இருப்பைப் புதுக் கணக்குக்கு மாற்றியிருந்தால்தான் அந்த மூன்று வருடமும் சேவையில் சேரும். முதலில் மாற்றிவிட்டு எடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது.

மாற்ற வேண்டிய இடம் பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் உள்ள `One Member - One EPF Account (Transfer Request)`. அதற்கு முன் Service History-யில் பழைய வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்த பிறகு `Mark Exit` வழியே நீங்களே பதியலாம். மாற்றம் முடிந்ததும் புது பாஸ்புக்கில் உங்கள் பங்கும் முதலாளி பங்கும் கூடியிருக்கும். ஓய்வூதியத் தொகை மட்டும் கூடாது. அங்கே சேவைக் காலம்தான் சேரும்.

அவளுக்கு அந்த வருடம் வரி கட்டுமளவு வருமானம் இல்லை. வருமான வரி ரிட்டர்ன் போட்டு, பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறோம்.